பதினாலு இல்லை, பன்னிரண்டு

எனக்கு வாய் ஜாஸ்தி. அதை முதல்லயே சொல்லிடறேன், பின்னால யாரும் வந்து சொல்ல வேணாம். திருவள்ளூர் பக்கம் ஒரு நர்சிங் காலேஜ்ல முதல் வருஷப் பிள்ளைங்களுக்கு நான் டியூட்டர். படுக்கை விரிக்கிறது, பி.பி. பாக்கிறது, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கிறது, உடம்பு துடைக்கிறது, இதெல்லாம் முதல்ல லேப்ல பொம்மைக்குப் பண்ணுவாங்க, அப்புறம் பக்கத்து ஆஸ்பத்திரி வார்டுல மனுஷனுக்குப் பண்ணுவாங்க. பொம்மைகிட்ட பண்ணும்போதே நான் கத்துவேன். மனுஷன்கிட்டன்னா கேக்கவே வேணாம்.

அந்தப் பிள்ளைங்களுக்கு லேப்ல குடுக்கிற ஷீட்டெல்லாம் நானே தயார் பண்றது. அதுல ஒண்ணு, படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்குத் தோலை எப்படிப் பாக்கிறது, படுக்கைப்புண் வர்ற ஆபத்துக்கு எப்படி மார்க் போடறதுன்னு சொல்ற ஷீட். முன்பக்கம் தோல் பரிசோதனை. பின்மண்டை, தோள்பட்டை, முழங்கை, வாலெலும்பு, இடுப்பெலும்போட பக்கவாட்டு, கணுக்கால், குதிகால்னு எலும்பு துருத்துற எடமெல்லாம் வரிசையா போட்டிருப்பேன். நல்ல வெளிச்சத்துல பாரு. விரலால அழுத்தி எடு, நிறம் வெளுத்துத் திரும்புதா பாரு. நம்ம ஊர்த் தோலுக்குச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, அதனால புறங்கையை வெச்சு சூடா, ஜில்லுன்னா, கல்லு மாதிரியா, கொழகொழன்னான்னு பக்கத்துத் தோலோட ஒப்பிட்டுப் பாரு. கன்னிப்போன எடத்தைத் தேய்ச்சு விடாதே. நடுவுல ஓட்டை இருக்கிற காத்து டியூப்ல உக்கார வைக்காதே. இந்தப் பக்கத்துல இன்னிக்கும் யாரும் குத்தம் கண்டுபிடிக்க முடியாது.

பின்பக்கம்தான் மார்க் அட்டவணை. ஆறு விஷயம். வலி, அசௌகரியம் உணர்ந்து சொல்ல முடியுதா, தோல் எவ்வளவு ஈரமா இருக்கு, எழுந்து நடக்கிறாரா, படுக்கையில தானா அசைய முடியுதா, எப்படிச் சாப்பிடறார், படுக்கையில சறுக்கி உராயறாரா. கடைசி விஷயத்துக்கு ஒண்ணுலேருந்து மூணு, மத்ததுக்கெல்லாம் ஒண்ணுலேருந்து நாலு. பரீட்சை மார்க் மாதிரியேதான், குறைஞ்சா ஆபத்து. எங்க ஆஸ்பத்திரியில பன்னிரண்டோ அதுக்குக் கீழயோ வந்தா காத்து மெத்தை போடணும், ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் நர்ஸே தோலைப் பாத்து எழுதணும். பதிமூணோ அதுக்கு மேலயோன்னா சாதா மெத்தை, நாளைக்கு ஒரு தடவை தோல் பாத்தா போதும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போடற வேலை, நோயாளிகூடத் தங்கியிருக்கிற ஆளுக்கு.

புத்தகத்துல இந்த அட்டவணை ரொம்ப நீளம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் ரெண்டு வரி, மூணு வரி. எங்க பிள்ளைங்க ரெக்கார்டு நோட்டுன்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க, அதுல இடது பக்கம் ஷீட்டை ஒட்டி வலது பக்கம் எழுதணும். அந்த அட்டவணை இடது பக்கத்துல அடங்காம மடிச்சு மடிச்சு ஒட்டி நோட்டே கர்ப்பிணி மாதிரி புடைச்சுக்கிட்டு நிக்கும். எனக்குப் பாக்கவே எரிச்சல். ஒரு லீவு நாள்ல, மணவாள நகர் வீட்டுல உக்காந்து, ஒவ்வொரு கட்டத்துலயும் முதல் வரியை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை வெட்டிட்டேன். ஒரே பக்கத்துல அம்சமா உக்காந்துச்சு. மத்த டியூட்டருங்க கூட வாங்கி ஜெராக்ஸ் போட்டுக்கிட்டாங்க. சும்மா சொல்லக் கூடாது, எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. நாலு வருஷம் அந்த ஷீட்டுதான் ஓடுச்சு.

அஞ்சாவது வருஷம் ஒரு திங்கக்கிழமை, ஆம்பளைங்க வார்டுக்கு ஒருத்தர் வந்தார். ஆரம்பாக்கம் பக்கத்து ஆள், முப்பத்திமூணு வயசு. கும்மிடிப்பூண்டியில ஒரு இரும்பு மில்லுல கிரேன் ஓட்டிக்கிட்டு இருந்தவர். சொந்தக்காரங்க வீட்டுல தண்ணி டேங்க்கைப் பாக்க மாடியேறி, அங்கேருந்து விழுந்துட்டார். சென்னையில முதுகெலும்புக்கு ஆபரேஷன் முடிச்சு, எங்ககிட்ட அனுப்பியிருந்தாங்க. இடுப்புக்கு மேல நல்ல தெம்பு. கீழ அசைவும் இல்லை, உணர்வும் இல்லை.

எங்ககிட்ட அவர் வந்தது சிகிச்சைக்குன்னு சொல்ல முடியாது, காத்திருக்கறதுக்கு. சென்னையில ஒரு மறுவாழ்வு மையத்துல அவருக்குப் படுக்கை கிடைச்சிருந்துச்சு, ரெண்டு வாரம் கழிச்சு. அங்க போனா ஒண்ணரை மாசத்துல தானே சக்கர நாற்காலிக்கு மாற, தானே குளிக்க, தானே மூத்திரக் குழாய் பாத்துக்க எல்லாம் பழக்கி அனுப்புவாங்க. ஒரே ஒரு நிபந்தனை. உடம்புல புண்ணு இருக்கக் கூடாது. புண்ணு இருந்தா பயிற்சி எதுவும் பண்ண முடியாது, அதனால எடுத்துக்க மாட்டாங்க.

கூட இருந்தது அவர் சம்சாரம். ஒல்லியா, வேகமா பேசற பொண்ணு. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனியில பேக்கிங் வேலை. இவர் விழுந்ததுலேருந்து லீவு. சூப்பர்வைசர் இன்னும் ரெண்டு மாசம் வரைக்கும் வேலையை வெச்சிருக்கேன்னு சொல்லியிருந்தாராம். முதல் நாளே எங்கிட்ட கணக்கா சொல்லிடுச்சு.

"மேடம், இவுரு அங்க போயி கத்துக்கினு வந்துட்டாருன்னா, நான் டூட்டிக்குப் போயிடுவேன். இல்லன்னா இவர வுட்டுட்டு எங்க போறது? புள்ளைய எங்கம்மா ஊட்டுல வுட்டுக்கீறேன். எப்பிடியாச்சும் புண்ணு வராம பாத்துக்கணும், அவ்ளோதான்."

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டு, வராது"ன்னேன். எவ்வளவு சுளுவா சொன்னேன் பாருங்க.

அவருக்கு மார்க் போட்டது என் மாணவி ஒருத்தி. கூட்டத்துல பின்னால நிக்கிற பிள்ளை, எழுத்து மட்டும் முத்து முத்தா இருக்கும். தலையிலேருந்து கால் வரைக்கும் தோல் பாத்து, எங்கயும் ஒண்ணும் இல்லைன்னு சரியா எழுதியிருந்தா. நானும் கூட நின்னு பாத்தேன், நிஜமாவே சுத்தமான தோல். அப்புறம் மார்க். உணர்வு நாலு, ஈரம் மூணு, நடமாட்டம் ஒண்ணு, அசைவு ரெண்டு, சாப்பாடு மூணு, உராய்வு ஒண்ணு. மொத்தம் பதினாலு. நான் என்ன பாத்தேன்னா, கூட்டல் சரியான்னு பாத்தேன். சரியா இருந்துச்சு. கையெழுத்துப் போட்டேன்.

பதினாலுன்னா சாதா மெத்தை. அவர் சாதா மெத்தையில படுத்தார்.

அந்த வாரம் பூரா அவர் சம்சாரம் செல்லுல அலாரம் வெச்சுக்கிட்டு புரட்டிக்கிட்டு இருந்துச்சு. பகல்ல நான் வார்டுக்குப் போகும்போதெல்லாம் பாத்திருக்கேன். அலாரம் அடிச்சதும் நாஷ்டாவைக் கூட கீழ வெச்சுட்டு எழுந்திரிக்கும். அவருக்குப் பேச்சுத் துணை வேணும், தலைப்பக்கம் கட்டிலை உசத்திக்கிட்டு உக்காந்த மாதிரி பேசிக்கிட்டு இருப்பார், கொஞ்ச நேரத்துல கீழ சறுக்கிடுவார். அலாரம் அடிக்குதோ இல்லையோ, அந்தப் பொண்ணு கீழேருந்து இழுத்து மேல போடும். அவர் இது எதையும் உணரலை. அதான் விஷயமே.

சனிக்கிழமை காலையில முதுகு துடைக்கிறதுக்காக அந்த மாணவி அவரை ஜன்னல் பக்கம் ஒருக்களிச்சுப் போட்டா. "மேடம், கொஞ்சம் வர்றீங்களா?"ன்னு கூப்பிட்ட குரலே சரியில்லை. வாலெலும்பு மேல எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு எடம், முந்தின நாள் தோல் பாத்தப்போ யார் கண்ணுலயும் படாதது. சுத்தி இருக்கிற தோலை விடக் கறுப்பு, வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா கத்திரிக்காய் நிறம். தோல் கிழியலை. புறங்கை வெச்சேன், சூடு. அழுத்தினேன், நிறத்துல மாத்தமே இல்லை, உள்ள கொழகொழன்னு இருந்துச்சு. இந்த மாதிரி எடம் மேல பாக்கச் சின்னதா இருக்கும், அடியில எலும்பை ஒட்டின சதை ஏற்கெனவே செத்திருக்கும்.

பயந்தா மத்த மனுஷங்க என்ன பண்ணுவாங்களோ, எனக்குத் தெரியாது. நான் கத்துவேன். திரும்பிப் பாத்தேன், அவர் சம்சாரம் நின்னுக்கிட்டு இருந்துச்சு.

"என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்தே? ரெண்டு மணிக்கு ஒருதரம் புரட்டச் சொன்னேனா இல்லையா? ராத்திரியில நல்லா தூங்கிட்டியா?"

"இல்ல மேடம், அலாரம் வெச்சுக்கினு..."

"அலாரம் வெச்சா புண்ணு எப்படி வருது?"

வார்டே கேட்டுச்சு. அன்னிக்குன்னு பாத்து மாமியார்க்காரம்மா பையோட வந்து இறங்கியிருந்தாங்க. "நான் அப்பவே சொன்னேன், இவ தூங்குமூஞ்சின்னு. எம்புள்ளைய இவகிட்ட வுட்டதே தப்பு"ன்னு ஆரம்பிச்சாங்க. படுத்திருந்தவர் மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டார். அந்தப் பொண்ணு ஒரு தடவை அவரைப் பாத்துச்சு, அப்புறம் கீழ குனிஞ்சு அவர் துணியை மடிக்க ஆரம்பிச்சுது.

எனக்கு இன்னும் அடங்கலை. மாணவியை நர்சுங்க மேசைக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். "உணர்வுக்கு எப்படி நாலு போட்டே? இடுப்புக்குக் கீழ குத்தினாக்கூடத் தெரியாத ஆளுக்கு நாலா? மூளை எங்க இருந்துச்சு?"

அவ அழலை. ரெக்கார்டு நோட்டைத் திறந்து, இடது பக்கம் ஒட்டியிருந்த என் ஷீட்டைக் காட்டினா. "மேடம், இதுல நாலுன்னா கேட்டதுக்குச் சரியா பதில் சொல்றவங்கன்னு போட்டிருக்கு. அவர் நல்லா பேசறார். ரெண்டுன்னா வலிக்கு மட்டும் முனகறவங்கன்னு போட்டிருக்கு. அவர் அப்படி இல்லை. எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. நீங்க கையெழுத்துப் போட்டதும் சரின்னு நினைச்சேன்."

வாங்கிப் படிச்சேன். அவ சொன்னபடிதான் இருந்துச்சு. நான் டைப் பண்ணினது.

காலேஜுக்கு நடந்து போய் லைப்ரரியில புத்தகத்தை எடுத்தேன். உணர்வு, ரெண்டு மார்க், அந்தக் கட்டம். முதல் வரி, வலிக்கு மட்டும் முனகறவர். ரெண்டாவது வரி, உடம்புல பாதிக்கு வலியோ அசௌகரியமோ உணர முடியாதவர். ரெண்டுல எது இருந்தாலும் ரெண்டு மார்க்தான். அந்த ரெண்டாவது வரியைத்தான் நான் நோட்டுப் புடைக்குதுன்னு வெட்டியிருந்தேன். நல்லா பேசற, நல்லா சிரிக்கிற, இடுப்புக்குக் கீழ உசிரே இல்லாத ஆளு என் ஷீட்டுல இல்லவே இல்லை.

உணர்வுக்கு நாலு இல்லை, ரெண்டு. மொத்தம் பதினாலு இல்லை, பன்னிரண்டு. பன்னிரண்டுன்னா காத்து மெத்தை. திரும்பி வார்டுக்குப் போய் சிஸ்டரைக் கேட்டேன். காத்து மெத்தை ஒண்ணு அந்த வாரம் பூரா ஸ்டோர் ரூம்ல மடிச்சு வெச்சிருந்துச்சாம். "நீங்கதானே மேடம் பதினாலுன்னு கையெழுத்துப் போட்டீங்க?"ன்னாங்க. குத்தமா சொல்லலை, சாதாரணமாத்தான் சொன்னாங்க.

அன்னிக்கே மெத்தையை மாத்தினோம். டாக்டர் வந்து பாத்தார். மல்லாக்கப் போடாம ஒரு பக்கமா சாய்ச்சுத் தலகாணி அண்டக் குடுத்து, குதிகால் படுக்கையில படாம கெண்டைக்காலுக்கு அடியில தலகாணி வெச்சு, தலைப்பக்கத்தை உசத்தாம, எல்லாம் பண்ணினோம். வர வேண்டியது வந்தாச்சு. மூணாம் நாள் கொப்புளம் கிளம்புச்சு, அதுக்கு மறுநாள் உடைஞ்சுது, ஒரு வாரத்துல குழி தெரிஞ்சுது. மறுவாழ்வு மையத்துலேருந்து போட்டோ கேட்டாங்க, அனுப்பினோம். படுக்கையை வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டதா போன்ல சொன்னாங்க. புண்ணு மூடினதும் திரும்பப் பதிவு பண்ணுங்கன்னாங்க. குறைஞ்சது மூணு மாசம் ஆகும்னு டாக்டர் சொன்னார். ரெண்டு மாசம்தான் சூப்பர்வைசர் குடுத்த கெடு.

பழைய பிள்ளைங்க நம்பரெல்லாம் எடுத்து ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, அந்த ஷீட்டைக் கிழிச்சுப் போடச் சொன்னேன். பிரின்சிபால்கிட்ட எழுதிக் குடுத்தேன், ஆஸ்பத்திரியில இதுக்குன்னு இருக்கிற ஃபாரம்லயும் எழுதினேன். அதெல்லாம் பண்றது எனக்குப் பெரிய கஷ்டமா இல்லை. மேசை மேல இருக்கிற பேப்பர்தானே. அவரோட சம்சாரத்துகிட்டப் போய்ச் சொல்றதுதான் வரலை. வார்டுக்குப் போறேன், அந்தக் கட்டில் பக்கம் போகாம வேற வேலை பாத்துட்டு வந்துடறேன். இப்படியே அஞ்சு நாள் ஓட்டினேன். கத்தறதுக்கு ஒரு நிமிஷம் கூட யோசிக்காத வாய், இதுக்கு அஞ்சு நாள் எடுத்துக்குச்சு. எனக்கே என்மேல அசிங்கமா இருந்துச்சு.

அந்த அஞ்சு நாளும் அவர் சம்சாரத்துகிட்ட ஒரு வார்த்தை பேசலைன்னு மாணவிதான் சொன்னா. தண்ணி வேணும்னா டம்ளரைக் கையில எடுத்துக் காட்டுவாராம், அவ்வளவுதான்.

ஆறாவது நாள் மத்தியானம், பார்வையாளர் நேரத்துல போனேன். மாமியார் ஸ்டூல்ல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பொண்ணு தலைமாட்டுல நின்னுக்கிட்டு இருந்துச்சு. வராந்தாவுக்குக் கூப்பிட்டேன்.

சுத்தி வளைக்காம சொன்னேன். நான் எழுதிக் குடுத்த பேப்பர்ல தப்பு. அதைப் பாத்து மார்க் போட்டதுல ரெண்டு மார்க் கூடிப் போச்சு. அதனால காத்து மெத்தை குடுக்கலை, நர்சுங்க அடிக்கடி பாக்கலை. காத்து மெத்தை இருந்திருந்தா வந்தே இருக்காதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வராம இருக்க நிறைய வாய்ப்பு இருந்துச்சு, வந்திருந்தாலும் இன்னும் முன்னாலயே கண்டுபிடிச்சிருப்போம். அன்னிக்கு உன்னை எல்லார் முன்னாலயும் கத்தினேன், அதுவும் தப்புன்னு சொன்னேன்.

திட்டும்னு எதிர்பாத்தேன். திட்டினா வாங்கிக்கலாம்னுதான் போனேன். அது என் மூஞ்சியையே பாத்துச்சு.

"அப்போ நான் ஒயுங்காத்தான் திருப்பிக்கீறேனா?"

"ஒழுங்காத்தான் திருப்பியிருக்கே."

"என்னிக்காச்சும் தூங்கிட்டனோ, அலாரம் அடிச்சி எனக்குக் கேக்கலியோன்னு நெனச்சி நெனச்சி மண்ட காயுது மேடம். நானே நம்பிட்டேன், நான்தான் தூங்கிட்டேன்னு."

அது கண்ணைத் துடைச்சுக்கிச்சு.

"எழுதிக் குடுங்க."

"என்னது?"

"நீங்க இப்ப சொன்னது. பேப்பர்ல எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வாயால சொன்னா அவுங்க நம்ப மாட்டாங்க. நான் கெஞ்சிக் கேட்டுக்கினு சொல்ல வெச்சேன்னு சொல்லுவாங்க. இல்லாங்காட்டி நாளைக்கு மறந்துடுவாங்க. நாளைக்கு ஊட்டுக்குப் போயி நான்தான் அங்க இருக்கணும்."

ஒரு நிமிஷம் தயங்கினேன். அதை மறைக்க மாட்டேன். ஆஸ்பத்திரி ஃபாரம்ல எழுதறது வேற, நோயாளி வீட்டுக்காரங்க கையில எழுதிக் குடுக்கிறது வேற. வேலைக்கு வேட்டு வைக்கிற பேப்பர் அது, எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு கையை நீட்டிக்கிட்டே நின்னுச்சு.

நோட்டுலேருந்து ஒரு தாளைக் கிழிச்சு வராந்தா சுவத்துல வெச்சு எழுதினேன். ஆஸ்பத்திரி பாஷை எதுவும் இல்லாம, தமிழ்ல. பன்னிரண்டு போட வேண்டிய எடத்துல பதினாலு போட்டது, காரணம் என்னோட பேப்பர், அதனால மெத்தை கிடைக்காதது. கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். நின்ன எடத்துலயே படிச்சுது. படிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துச்சு.

"நான் தூங்கலன்னு இதுல இல்லியே."

வாங்கி, கையெழுத்துக்குக் கீழ, இவர் மனைவி சொன்ன நேரத்துக்கெல்லாம் தவறாமல் புரட்டிப் போட்டார், அவர் மேல் எந்தத் தப்பும் இல்லைன்னு எழுதி, இன்னொரு கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை அது உள்ள எடுத்துக்கிட்டுப் போச்சு. நானும் பின்னாலயே போனேன். போகாம இருக்க முடியலை.

கட்டில் பக்கத்துல நின்னு சத்தமாவே படிச்சுது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையா. பக்கத்துக் கட்டில்காரங்களும் கேட்டாங்க. மாமியார் ஆரஞ்சை உரிக்கிறதை நிறுத்திட்டு என்னைப் பாத்தாங்க. ஆமான்னு தலையாட்டினேன்.

அவர் சுவத்தைப் பாத்துக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தார். முடிச்சதும் தலையைத் திருப்பி சம்சாரத்தைப் பாத்தார்.

"கடைசி வரிய இன்னொரு தபா படி"ன்னார்.